எலுமிச்சையிலிருந்து வெண்ணெய்

கம்பெனி பார்ட்டிகளில் இப்போதெல்லாம் ஒரு புது ஜாதி முளைத்திருக்கிறது. கண்ணாடிக் கோப்பையின் காலைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, "ம்... பட்டரி!" என்று அறிவிக்கிற ஜாதி. பக்கத்தில் நிற்கும் அக்கவுன்ட்ஸ் ஆசாமியும் தன் கோப்பையை முகர்ந்து பார்த்து, ஒன்றும் தெரியாமல், "ஆமாமா, செம பட்டரி" என்று தலையாட்டுவார். உண்மையில் அவர் கையில் இருப்பது எலுமிச்சை வாசம் அடிக்கிற வேறு ஒயினாக இருக்கும்.

"வெள்ளை ஒயினில் வெண்ணெய் எங்கிருந்து வருகிறது? பீலா விடுகிறார்களா?" என்று கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பீலா இல்லை. ஒயினில் யாரும் வெண்ணெய் போடுவதில்லை. ஆனால் நிஜ வெண்ணெய்க்கு வாசனை தருகிற அதே ரசாயனப் பொருள், அதே பெயரில், அதே வழியில் தயாராகி அந்தக் கோப்பையில் இருக்கிறது. நம் வீட்டுத் தயிர்ப் பானைக்கும் அந்தப் பிரெஞ்சுப் பீப்பாய்க்கும் ஒருவகைச் சொந்தம். பங்காளி என்றே சொல்லலாம்.

(மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு. கட்டுரையைப் படிப்பதால் கேடு இல்லை. மேலே போகலாம்.)

சான் ஹோசேயில் இருக்கும் என் மைத்துனன் போன முறை வந்தபோது இரண்டு பாட்டில் கொண்டுவந்தான். இரண்டும் கலிஃபோர்னியா. இரண்டும் ஷார்டனே என்கிற ஒரே திராட்சை.

"அத்தான், ரெண்டும் ஒரே பழம். குடிச்சுப் பாருங்க, அண்ணன் தம்பின்னே சொல்ல மாட்டீங்க" என்றான்.

முதல் பாட்டில் வெளிர் மஞ்சள். பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி பல்லின் ஓரம் கூசியது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசம். இரண்டாவது கொஞ்சம் தங்க நிறம். வாயில் வழவழவென்று உருண்டது. புளிப்பு எங்கேயோ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. வாசனை மட்டும் எனக்குப் பரிச்சயமானது, ஆனால் பெயர் வரவில்லை.

என் மனைவி குடிக்க மாட்டாள். மூக்கு மட்டும் கூர்மை. இரண்டாவது கோப்பையைத் தூர இருந்தே முகர்ந்துவிட்டு, "டேய், இது வெண்ணெய் கடைஞ்ச மோர் வாசனைடா. இதுக்கா டாலர் கொடுத்தே? யாரு உறை ஊத்தினது?" என்றாள்.

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி மிகச் சரியான கேள்வி. அந்த ஒயினுக்கு நிஜமாகவே ஒருவர் உறை ஊற்றியிருந்தார்.

அதைப் புரிந்துகொள்ள, முதலில் திராட்சையின் புளிப்பைப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ஸ்வீடன் நாட்டு மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடலாம். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. பதினெட்டாம் நூற்றாண்டு. பெரிய பரிசோதனைக்கூடம் எதுவும் இல்லாமல், கடையின் உள்ளறையில் உட்கார்ந்து ஒவ்வொரு புளிப்பாகப் பிரித்தெடுத்தவர். ஒயின் பீப்பாயின் உள்ளே படியும் உப்பிலிருந்து டார்ட்டாரிக் அமிலம், 1769-ல். புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலம், 1780-ல். எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம், 1784-ல். ஆப்பிள் சாற்றிலிருந்து மாலிக் அமிலம், 1785-ல். தயாரித்த ரசாயனங்களை ருசி பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு என்பார்கள். 1786-ல், 43 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். நம் கதைக்கு வேண்டிய நாலு பாத்திரங்களையும் அவரே மேடையேற்றிவிட்டுப் போனார்.

திராட்சையில் அதிகமாக இருப்பவை இரண்டு. ஒன்று டார்ட்டாரிக். நம் புளியங்காய்க்குப் புளிப்புத் தருவதும் இதுதான். இது பிடிவாதக்காரன், லேசில் மாறாது. இரண்டாவது மாலிக், அதாவது பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பு. இது மாறக்கூடியது. கொடியில் பழம் தொங்கும்போதே வெயில் ஏற ஏறப் பழம் இதை எரித்துத் தீர்த்துக்கொண்டிருக்கும். அதனால் ஜெர்மனி மாதிரிக் குளிர் பிரதேசத்துத் திராட்சையில் மாலிக் நிறைய மிஞ்சும். வெயில் பிரதேசத்தில் குறைவாக மிஞ்சும். இது போக, சிட்ரிக் அமிலமும் கொஞ்சம் உண்டு. லிட்டருக்குப் பெரும்பாலும் அரை கிராம்கூடத் தேறாது. ஓரத்தில் நிற்கும் இந்தத் துணை நடிகரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளைமாக்ஸில் வருவார்.

திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் புகுந்து சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்குகிறது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஈஸ்ட் வேலை முடிந்து செத்துப்போய் அடியில் வண்டலாகப் படிந்த பிறகு, பழைய காலத்து ஐரோப்பிய நிலவறைகளில் ஒரு விசித்திரம் நடக்கும். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பீப்பாய், வசந்தம் வந்து நிலவறை கொஞ்சம் வெதுவெதுப்பானதும் மறுபடி மெல்லக் குமிழி விடும். வெளியே தோட்டத்தில் கொடி துளிர்க்கிறது அல்லவா, அந்தப் பாசத்தில் உள்ளே ஒயினும் துடிக்கிறது என்று விவசாயிகள் நம்பினார்கள். அழகான நம்பிக்கை. காரணம் பாசம் இல்லை, பாக்டீரியா.

லூயி பாஸ்ச்சர் 1866-ல் ஒயினைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பாக்டீரியா என்றாலே ஒயினைக் கெடுக்கும் நோய்தான். அதே பாக்டீரியா நல்லதும் செய்யும், புளிப்பைக் குறைக்கும் என்று 1890-களில் சொன்னவர் ஸ்விட்சர்லாந்தின் ஹெர்மன் முல்லர்-துர்காவ். இந்த வேலையை முக்கியமாகச் செய்கிற கிருமிக்கு இப்போது ஈனோகாக்கஸ் ஈனி என்று பெயர். 1995 வரை வேறு பெயரில் இருந்தது. ஆல்கஹாலிலும் புளிப்பிலும் மற்ற கிருமிகள் மூச்சுத் திணறிச் சாகும் இடத்தில் இது சௌகரியமாகக் குடித்தனம் நடத்தும். தயிர் தோய்க்கிற பாக்டீரியாவும் இதுவும் ஒரே பெரிய குடும்பம்.

இது செய்கிற காரியம் ஒன்றுதான். மாலிக் அமிலத்தைப் பிடித்து, அதிலிருந்து ஒரு கார்பன் டைஆக்ஸைடைப் பிய்த்து வெளியே விட்டு, மிச்சத்தை லாக்டிக் அமிலமாக்குகிறது. ஆப்பிள் புளிப்பு உள்ளே போய் மோர்ப் புளிப்பு வெளியே வருகிறது. மாலிக் அமிலத்துக்குப் புளிப்புக் கொம்பு இரண்டு. லாக்டிக்குக்கு ஒன்றுதான். ஒரு கொம்பு உடைந்த மாடு எப்படி முட்டும்? அதான் அந்த மென்மை. இந்தக் காரியத்துக்கு மாலோலாக்டிக் மாற்றம் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் செல்லமாக 'மாலோ' என்பார்கள்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். பர்கண்டி, பார்டோ பக்கம் வழக்கத்தில் இருக்கும் பீப்பாய் சுமாராக 225 லிட்டர் பிடிக்கும். 300 பாட்டில். அதில் லிட்டருக்கு 4 கிராம் மாலிக் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 கிராம். பாக்டீரியா இதை முழுக்கத் தின்று முடிக்கும்போது சுமார் 600 கிராம் லாக்டிக் அமிலமும் 300 கிராம் கார்பன் டைஆக்ஸைடும் இருக்கும். அந்த 300 கிராம் வாயு சாதாரண அறையில் 160 லிட்டர் இடம் பிடிக்கும். வசந்தத்தில் விவசாயி பார்த்த குமிழி அதுதான். அளவில் பார்த்தால் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போயிற்று. மிச்சமும் சாதுவாகிவிட்டது.

இதில் மென்மை வந்துவிட்டது. வெண்ணெய் இன்னும் வரவில்லை. லாக்டிக் அமிலத்துக்கு வெண்ணெய் வாசனை கிடையாது. அதற்குப் பெரிதாக வாசனையே கிடையாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'லாக்டிக் என்றால் பால், பால் என்றால் வெண்ணெய்' என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

இப்போது அந்தத் துணை நடிகரைக் கூப்பிடுங்கள். சிட்ரிக் அமிலம்.

மாலிக் தீர்ந்துகொண்டு வரும் சமயத்தில், பந்தி முடிகிற நேரத்தில் பாயசத்தைத் தேடுகிற விருந்தாளி மாதிரி, பாக்டீரியா சிட்ரிக் அமிலத்தின் பக்கம் திரும்புகிறது. அதைச் செரிக்கும் வழியில் இடையில் ஒரு பொருள் உண்டாகிக் கொஞ்சம் வெளியே கசிகிறது. அதன் பெயர் டைஅசிட்டைல். நிஜமான வெண்ணெயில், உறை ஊற்றிப் புளிக்க வைத்த பாலாடையில், அந்த மணத்தை முக்கியமாகத் தருவதும் டைஅசிட்டைல்தான். அங்கேயும் அது சிட்ரிக் அமிலத்திலிருந்துதான் பிறக்கிறது. பாலிலும் கொஞ்சம் சிட்ரிக் உண்டு. ஆக, 'வெண்ணெய் மாதிரி' என்பது உவமை இல்லை. அதே பொருள்தான்.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? எலுமிச்சையின் அமிலத்திலிருந்துதான் வெண்ணெய் வாசனை வருகிறது!

எவ்வளவு தேவை? ஷார்டனேயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தாலே நல்ல மூக்குகள் கண்டுபிடித்துவிடும். 2 மில்லிகிராம் இருந்தால் தாராளமான வெண்ணெய். நம் பீப்பாய்க்குக் கணக்குப் பார்த்தால் 225 லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு அளவுப் பொருள் 300 பாட்டில்களின் குணத்தையே மாற்றிவிடுகிறது. 5 மில்லிகிராமைத் தாண்டினால் வெண்ணெய் போய் சிக்குப் பிடித்த வாசம் வந்துவிடும். எல்லை அவ்வளவு குறுகலானது.

அதனால் ஒயின் செய்கிறவர் இதை விதியின் கையில் விடுவதில்லை. வெண்ணெய் வேண்டும் என்றால் செய்ய வேண்டியது இது. முதலில் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கட்டும். பிறகு பாக்கெட்டில் வாங்கிய பாக்டீரியாவை விடுகிறார். என் மனைவி கேட்ட உறை இதுதான். ஒயினை 18-லிருந்து 22 டிகிரி வெப்பத்தில் வைத்துக்கொள்கிறார். ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியா சேர்ந்த பிறகு மாற்றம் சூடு பிடிக்கும். சில வாரங்கள் ஆகலாம். சண்டித்தனம் செய்தால் மாதக்கணக்கும் ஆகலாம். மாலிக் தீர்ந்ததும் தாமதிக்கக்கூடாது. உடனே சல்ஃபர் டைஆக்ஸைடு கொடுத்துப் பாக்டீரியாவை நிறுத்தி, ஒயினை அடி வண்டலிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்றால், பாக்டீரியாவும் வண்டலில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்டும் டைஅசிட்டைலை அப்படியே விட்டுவைக்காது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் அதையும் வாசனையற்ற வேறு பொருளாக மாற்றிவிடும். உறை மோரை மறந்து வைத்தால் புளிக்கிறது. ஒயினை மறந்து வைத்தால் வெண்ணெய் காணாமல் போகிறது.

இதையே திருப்பிப் போட்டால், மென்மை வேண்டும், வெண்ணெய் வேண்டாம் என்பவருக்கு வழி கிடைக்கிறது. ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் ஒன்றாகவே சாற்றில் விடுவார். டைஅசிட்டைல் உண்டாக உண்டாக, உயிரோடிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்றுகொண்டே வரும். அல்லது முடிந்த பிறகும் வண்டலின் மேலேயே பல மாதம் கிடக்கவிடுவார். புளிப்பு அடங்கியிருக்கும். வெண்ணெய் இருக்காது.

சல்ஃபர் டைஆக்ஸைடுக்கு இன்னொரு குறும்பு உண்டு. அது டைஅசிட்டைலைத் தற்காலிகமாகப் பிடித்துக் கட்டிவைக்கும். பாட்டிலில் அடைத்த புதிதில் வெண்ணெய் அடக்கமாக இருக்கும். மாதங்கள் போகப் போக சல்ஃபர் குறைய, கட்டிப்போட்டது அவிழ்ந்து வாசனை வெளியே வரும். போன வருஷம் வாங்கியபோது இல்லாத வெண்ணெய் இந்த வருஷம் அடித்தால் கடைக்காரரைச் சந்தேகப்படாதீர்கள்.

மாலோவே வேண்டாம் என்பவர் வேறு கட்சி. அவர் முதல் புளிப்பேற்றம் முடிந்த கையோடு ஒயினைக் குளிரவைப்பார். சல்ஃபர் கொடுப்பார். பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறிய துளைகள் கொண்ட வடிகட்டியில் விட்டுப் பாக்டீரியாவை ஒன்றுவிடாமல் தடுப்பார். இந்தச் சல்லடையில் கஞ்சத்தனம் பார்த்தால் ஆபத்து. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மாலிக்கும் நாலைந்து பாக்டீரியாவும் பாட்டிலுக்குள் ஒன்றாகப் போய்விட்டால், நீங்கள் காசு வாங்கிய பிறகு உள்ளே மாலோ தொடங்கும். ஒயின் கலங்கும். கார்பன் டைஆக்ஸைடு போக்கிடம் இல்லாமல் ஒயினில் கரைந்து, திறந்ததும் சோடா மாதிரி சுறுசுறுக்கும். ஒரு வருஷ உழைப்பு லாரியில் திரும்பி வரும். போர்ச்சுகலின் வின்யோ வெர்தே என்ற ஒயினில் அந்தக் காலத்தில் நாக்கில் குறுகுறுத்த வாயு இப்படி பாட்டிலுக்குள் நடந்த மாலோவால் வந்ததுதான். ஜனங்களுக்கு அது பிடித்துப் போனதால் இப்போது வாயுவைத் தனியாகச் சேர்க்கிறார்கள். தப்பே ஃபேஷனான கேஸ்!

மாலோ முடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ருசியை மட்டும் நம்ப முடியாது. சின்ன ஒயின் பண்ணைகளில் இன்றும் ஒரு எளிய சோதனை செய்கிறார்கள். ஒரு விசேஷத் தாளின் அடி ஓரத்தில் ஒரு சொட்டு ஒயினை வைத்து, அந்த ஓரத்தை ஒரு கரைசலில் நிற்க வைக்கிறார்கள். கரைசல் தாளில் மெல்ல ஏறும்போது அமிலங்களையும் இழுத்துக்கொண்டு போகும். சில மணி நேரத்தில் டார்ட்டாரிக் கீழே நின்றுவிடும். மாலிக் நடுவில். லாக்டிக் உயரத்தில். தாள் காய்ந்ததும் நீல நிறத்தில் மஞ்சள் பொட்டுகளாகத் தெரியும். நடுப்பொட்டு இருந்தால் வேலை பாக்கி. நடுப்பொட்டு அழிந்து மேல்பொட்டு தடித்திருந்தால் மாலோ முடிந்தது. பள்ளிக்கூட லேபில் இங்க் சொட்டு வைத்து விளையாடினோமே, அதே வித்தைதான்.

சரி, எலுமிச்சை கட்சிக்கு வருவோம். அங்கே மாலோவைத் தடுத்தால் மட்டும் எலுமிச்சை வந்துவிடுமா? வராது. மாலிக் மிஞ்சியிருப்பதால் கூர்மை கிடைக்கும், அவ்வளவுதான். பழ வாசனை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சோவின்யான் பிளாங்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பளிமாஸ் உரித்த மாதிரி அடிக்கும். திராட்சையைக் கடித்தால் அந்த வாசம் இருக்காது. பழத்தில் அது வாசனையில்லாத வேறொன்றோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கிறது. ஈஸ்ட் வந்து அந்த ஒட்டைப் பிரித்துவிட்டதும் வெளியே குதிக்கிறது. இவை கந்தகம் கலந்த வாசனைப் பொருள்கள். 1990-களில் பார்டோ பல்கலைக்கழகத்தில் தாகதோஷி தொமினாகாவும் டெனிஸ் டுபோர்டியூவும் இவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார்கள். ஒரு கிராமைக் கோடி பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு லிட்டரில் இருந்தாலே சிலவற்றை மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அவ்வளவு மெல்லிய சங்கதி மேல் வெண்ணெயைத் தடவினால் என்ன ஆகும்? வீணைக் கச்சேரிக்கு நடுவில் தவில் வாசித்த மாதிரி. அதனால்தான் மார்ல்பரோ சோவின்யானிலும் ஜெர்மன் ரீஸ்லிங்கிலும் பெரும்பாலும் மாலோவைத் தடுக்கிறார்கள். ஷார்டனேயோ தனக்கென்று பெரிய வாசனை இல்லாத சாதுத் திராட்சை. யார் எந்தச் சட்டை போட்டுவிட்டாலும் போட்டுக்கொள்ளும். வெண்ணெய் அதிகம் தடவப்பட்டது அது என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வனிலா, தேங்காய், டோஸ்ட் செய்த ரொட்டி வாசமெல்லாம் வெண்ணெய்க் கணக்கில் வராது. அவை புது ஓக் மரப் பீப்பாயிலிருந்து வருபவை. மரமும் மாலோவும் ஒரே ஒயினில் அடிக்கடி ஜோடி சேர்வதால் ஜனங்கள் ஒன்றை இன்னொன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்டீல் தொட்டியிலும் வெண்ணெய் வரும். மரப் பீப்பாயிலும் வராமல் இருக்கலாம்.

இரண்டாவது எச்சரிக்கை ஷாப்ளி. பிரான்சில் பர்கண்டியின் வட கோடியில் இருக்கும் ஊர். ஷார்டனேதான். உலகத்திலேயே கத்தி மாதிரிக் கூர்மையான வெள்ளை ஒயின் என்று பெயர் வாங்கியது. மாலோ செய்யாமல் இருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? பெரும்பாலும் செய்கிறார்கள்! ஊர் குளிர். திராட்சையில் புளிப்பு அத்தனை அதிகம். மாலோ செய்து ஒரு கொம்பை உடைத்த பிறகும் டார்ட்டாரிக் தன் பிடிவாதத்தோடு நிற்கிறது. ஒயின் வண்டலோடு கிடப்பதால் வெண்ணெயும் தங்குவதில்லை. மாலோ செய்தால் மென்மை, செய்யாவிட்டால் கூர்மை என்று சூத்திரம் எழுதிச் சுவரில் ஒட்டுகிறவர்களை ஷாப்ளி பார்த்துச் சிரிக்கிறது. எங்கே ஆரம்பித்தோம் என்பதும் முக்கியம். லிட்டருக்கு 6 கிராம் மாலிக் இருக்கும் பழத்துக்கு மாலோ மருந்து. 2 கிராம் இருக்கும் வெயில் ஊர்ப் பழத்துக்கு அதையே செய்தால் ஒயின் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சொதசொதவென்று ஆகிவிடலாம்.

ஆக, எது உசத்தி? இந்தச் சண்டைக்கு ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. 1976 மே 24. பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, கலிஃபோர்னியா ஒயினையும் பிரெஞ்சு ஒயினையும் பெயர் மறைத்து வைத்து, பிரெஞ்சு நிபுணர்களை ருசி பார்க்கச் சொன்னார். வெள்ளையில் எல்லாமே ஷார்டனே. முதலிடம் கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மான்ட்டலீனா, 1973-ம் வருஷத்து ஒயின். இரண்டாமிடம் பர்கண்டியின் மெர்சோ. மெர்சோ என்றால் வெண்ணெயும் கொட்டைப் பருப்பும் என்று ஒயின்காரர்களுக்கு மனப்பாடம். மான்ட்டலீனாவோ மாலோவைத் தடுத்து ஷார்டனே செய்வதற்குப் பெயர் வாங்கிய இடம். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாக்கின் தீர்ப்பைத் தாங்களே நம்ப முடியாமல் தவித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் தமாஷ். வெற்றி பெற்ற கலிஃபோர்னியாவில் பலர், தோற்ற மெர்சோவைப் பார்த்து வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்கள். தடவித் தடவி, 1990-களில் 'ஷார்டனே தவிர வேறு எது வேண்டுமானாலும் கொடு' என்று அமெரிக்காவில் ஒரு கோஷமே கிளம்பியது. பாவம் அந்தத் திராட்சை. தடவினவனை விட்டுவிட்டு அதைத் திட்டினார்கள். அதற்கப்புறம் 'ஓக் இல்லாதது' என்று லேபிளில் பெருமையாகப் போட ஆரம்பித்தார்கள்.

அடுத்த பார்ட்டியில் உங்கள் கையில் கோப்பை கொடுக்கப்பட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். ரொம்ப ஜில்லென்று இருந்தால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருங்கள். ஐஸ் குளிரில் டைஅசிட்டைல் வெளியே தலைகாட்டாது. பிறகு முகருங்கள். வெண்ணெயா, வனிலாவா என்று பிரித்துப் பாருங்கள். முன்னது பாக்டீரியா, பின்னது மரம். கடைசியாக ஒரு வாய் குடித்து விழுங்கிவிட்டுக் காத்திருங்கள். நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தால் அமிலம் தெம்பாக இருக்கிறது. ஊறாமல், வழவழப்பு மட்டும் தங்கினால் மாலோ தன் வேலையை நன்றாகவே செய்திருக்கிறது.

லேபிளைப் பார்த்து வாங்குவதென்றால், எலுமிச்சை ரகத்துக்கு மார்ல்பரோ சோவின்யான், ரீஸ்லிங், ஷாப்ளி. வெண்ணெய் ரகத்துக்கு வெயில் ஊர் ஷார்டனே, அதிலும் பின்பக்கத்தில் 'மாலோலாக்டிக்' என்று போட்டிருந்தால் வாய்ப்பு அதிகம். மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழிவது போல முதல் ரகம் ஒத்துப்போகும். வெண்ணெய் போட்ட இறால், க்ரீம் போட்ட கோழிக்கு இரண்டாவது.

கண்ணை மூடிக்கொண்டு யாராவது "பட்டரி" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். அமைதியாக, "மாலோ முடிஞ்சதும் வண்டல்லேர்ந்து சீக்கிரம் பிரிச்சுட்டாங்க போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, வறுத்த முந்திரி இருக்கும் தட்டைத் தேடிப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது அவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருக்க மாட்டார்.